அயற்கூற்றில் எது மாறும், எது மாறாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் சொன்னதை அயற்கூற்றாக எழுதும்போது வினையின் காலத்தையும் மாற்ற வேண்டுமா?

தமிழில் வேண்டாம். அவர் எந்தக் காலத்தில் சொன்னாரோ அதே காலம் அப்படியே நிற்கும்.

ரவி “எனக்குத் தலை வலிக்கிறது” என்று நேற்று சொன்னான் என்று வைத்துக்கொள்வோம். இன்று நான் அதை எடுத்துச் சொல்லும்போது “ரவி தனக்குத் தலை வலிக்கிறது என்று சொன்னான்” என்பேன். ‘எனக்கு’ மட்டும் ‘தனக்கு’ ஆயிற்று. வலி நேற்றே போயிருக்கலாம், ஆனாலும் ‘வலிக்கிறது’ அசையவில்லை. அவன் சொன்ன நேரத்தில் வலி இருந்தது என்பதுதான் அந்த நிகழ்காலத்தின் பொருள். ‘சொன்னான்’ என்ற வினை நம்மை அந்த நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே இருக்கும் வினை அங்கிருந்து காலத்தை எண்ணுகிறது.

இதையே “தனக்குத் தலை வலித்தது என்று சொன்னான்” என்று மாற்றிப் பாருங்கள். செய்தியே வேறாகிவிட்டது. அவன் பேசுவதற்கு முன்பே வலி வந்திருக்கிறது, பேசும்போது அநேகமாகப் போயிருக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே காலத்தை மாற்றுவது தேவையில்லாத வேலை மட்டுமல்ல, சொன்னவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைப்பதும்கூட.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் மட்டும் ஏன் மாறுகிறது? பள்ளியில் அப்படித்தானே மாற்றிப் பழகினோம்?

ஆங்கிலத்தில் உள்வினை, எடுத்துச் சொல்பவர் நிற்கும் நேரத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. ‘செட்’ என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் ‘ஆம்’, ‘இஸ்’ இரண்டும் ‘வாஸ்’ ஆகும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். சொன்ன விஷயம் இன்னும் உண்மையாக இருந்தால் மாற்றாமலும் விடலாம். ஆனால் மாற்றுவதே பொது வழக்கு.

சிக்கல் மொழிபெயர்க்கும்போது தொடங்குகிறது. “ஷீ செட் ஷீ வாஸ் டயர்ட்” என்ற வாக்கியத்தில் அந்தப் பெண் பெரும்பாலும் “நான் களைப்பாக இருக்கிறேன்” என்றுதான் சொல்லியிருப்பாள். ‘வாஸ்’ என்பதைப் பார்த்தவுடன் “தான் களைப்பாக இருந்ததாகச் சொன்னாள்” என்று எழுதிவிட்டால் அவள் பழைய களைப்பைப் பற்றிப் பேசியதாக ஆகிவிடும். சரியான தமிழ் “தான் களைப்பாக இருப்பதாகச் சொன்னாள்”.

பிழை திருத்தும் வேலையில் நான் அதிகமாக மாற்றுவது இந்த ஒரு இடத்தைத்தான். மொழிபெயர்ப்புச் செய்திகளில் ‘இருந்ததாகக் கூறினார்’ என்று வந்தால் நின்று ஒரு கேள்வி கேட்பேன்: இவர் வாயைத் திறந்தபோது என்ன சொல்லியிருப்பார்? மனதுக்குள் அவரைப் பேச வைத்துப் பார்த்தால் காலம் தானே தெரிந்துவிடும். “நிறுவனம் நஷ்டத்தில் இருந்ததாக அவர் கூறினார்” என்று படிப்பவர், இப்போது நஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பார். மூலத்தில் அவர் “நஷ்டத்தில் இருக்கிறது” என்று சொல்லியிருந்தால், ஒரு ‘இருந்த’ போட்டதால் செய்தி தலைகீழாகப் போய்விட்டது.

‘என்று சொன்னான்’ என்பதற்கும் ‘-தாகச் சொன்னான்’ என்பதற்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. ‘என்று’ என்பது ‘என்’ என்ற சொல்லின் வினையெச்சம். ‘என்’ என்றாலே சொல்லுதல்தான். அதனால் அதற்கு முன்னால் ஒரு முழு வாக்கியம் தன் விகுதிகளோடு நிற்க முடியும்: “வருவேன் என்று”, “வந்தாயா என்று”, “வா என்று”. ‘-தாக’ அப்படி இல்லை. அது வினையைப் பெயராக்கி எடுத்துக்கொள்கிறது. வந்தேன், வந்தாய், வந்தான் எல்லாமே ‘வந்ததாக’ ஆகிவிடும். வினை காட்டிக்கொண்டிருந்த ஆள் மறைந்துவிடுகிறது.

காலத்திலும் ஓர் இழப்பு இருக்கிறது. இறந்தகாலம் தெளிவாகப் பிழைத்துக்கொள்கிறது: செய்தேன், செய்ததாக. ஆனால் ‘செய்கிறேன்’, ‘செய்வேன்’ இரண்டும் ஒரே ‘செய்வதாக’ என்ற வடிவத்தில் வந்து விழுகின்றன. “குமார் கணக்குகளைச் சரிபார்ப்பதாகச் சொன்னான்” என்று எழுதினால், அது அவன் வழக்கமாகச் செய்யும் வேலையா, இனிமேல் செய்கிறேன் என்று கொடுத்த வாக்கா? எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிறகு யாராவது “நீ வாக்குக் கொடுத்தாயே” என்று கேட்டால் குமார் மறுக்கலாம். அவன் மறுப்பதும் நியாயமாகவே இருக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. வழக்கம் என்றால் ‘சரிபார்த்து வருவதாக’, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது என்றால் ‘சரிபார்த்துக்கொண்டிருப்பதாக’, இனி என்றால் ‘சரிபார்க்கப்போவதாக’. அல்லது பேசாமல் ‘என்று’வுக்குத் திரும்பிவிடுங்கள்: “சரிபார்ப்பேன் என்று சொன்னான்.” ‘என்று’வில் காலமும் ஆளும் முழுசாக நிற்கும்.

இன்னொரு நுட்பம். ‘-தாக’ கொஞ்சம் தள்ளி நிற்கிறது. “பணம் கொடுத்ததாகச் சொன்னான்” என்று படிக்கும்போது, சொன்னது அவன், உண்மையா என்பது வேறு விஷயம் என்ற சாயல் வரும். அதனால்தான் செய்தி எழுதுபவர்களுக்கு ‘-தாகக் கூறப்படுகிறது’ மிகவும் பிடிக்கிறது. நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை இப்படி எழுதினால் வீண் சந்தேகம் கிளம்பும். இந்தச் சாயலை அறிந்து பயன்படுத்துங்கள்.

“அவர் நான் கட்டிவிடுகிறேன் என்று சொன்னார்” என்று எழுதினால் ‘நான்’ யார்? அவரா, எழுதியவரா?

இரண்டு பேருமே ஆகலாம், அதுதான் ஆபத்து. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பழுதுபார்ப்புச் செலவில் பாக்கி நின்ற தொகையைத் தானே கட்டிவிடுவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார். நான் அவசரத்தில் “தலைவர் மீதித் தொகையை நான் கட்டிவிடுகிறேன் என்று சொன்னார்” என்று எழுதிவிட்டேன். மேற்கோள்குறி போடவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் என்னிடம் வந்து, “நீங்கள் கட்டுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார், இன்னும் கட்டவில்லையே?” என்று கேட்டார்கள். குறிப்பை எழுதியது நான், கீழே கையெழுத்தும் என்னுடையது. அவர்கள் அப்படிப் படித்ததில் தவறே இல்லை.

பேசும்போது இந்தக் குழப்பம் குறைவு. குரலை மாற்றுகிறோம், சற்று நிறுத்துகிறோம், கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. எழுத்தில் குரல் கிடையாது. அதனால் எழுத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, மேற்கோள்குறி போட்டு அவர் சொன்னதை அப்படியே வைப்பது: தலைவர், “மீதித் தொகையை நான் கட்டிவிடுகிறேன்” என்று சொன்னார். இன்னொன்று, முழுதாக அயற்கூற்றுக்குப் போய்விடுவது: மீதித் தொகையைத் தாமே கட்டிவிடுவதாகத் தலைவர் சொன்னார். மேற்கோள்குறி இல்லாத ‘நான்’ இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது.

இரண்டையும் கலப்பதும் தவறு. மேற்கோள்குறிக்குள்ளே “தான் கட்டிவிடுவதாக” என்று எழுதக் கூடாது. அவர் வாயிலிருந்து ‘தான்’ என்ற சொல் வரவே இல்லை. குறிக்குள் இருப்பது அவர் சொன்ன சொல்லாகவே இருக்க வேண்டும்.

‘தான்’ என்பதை எப்போது போட வேண்டும்? ‘அவன்’ என்று எழுதினால் போதாதா?

சொன்னவரே தன்னைப் பற்றிச் சொன்னால் ‘தான்’. வேறொருவரைப் பற்றிச் சொன்னால் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’. தமிழில் இப்படிப் பிரித்துச் சொல்ல ஒரு தனிச் சொல் இருப்பது பெரிய வசதி. “ரவி தான் தேர்வாகிவிட்டதாகச் சொன்னான்” என்றால் தேர்வானது ரவி. “ரவி அவன் தேர்வாகிவிட்டதாகச் சொன்னான்” என்றால் வேறு ஒருவன் என்றே முதலில் தோன்றும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஹீ’தான், யார் என்பதைச் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும்.

மரியாதைக்குரிய ஒருவர் என்றால் ‘தாம்’, பலர் என்றால் ‘தாங்கள்’. வேற்றுமை ஏற்கும்போது தன், தம், தங்கள் என்று குறுகும்: தனக்கு, தமக்கு, தங்களுக்கு. பேச்சு நடையில் பெரியவருக்கும் ‘தனக்கு’ என்றே பலர் எழுதுகிறார்கள், அதைப் பெரிய பிழையாக நான் நினைப்பதில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தில் ‘தான்’ என்று தொடங்கி ‘தமது’ என்று முடிப்பதைத் தவிர்க்கலாம்.

சொன்னவரும் செய்தவரும் ஒருவரே என்றால் ‘தான்’ இல்லாமலும் முடியும். “வருவதாகச் சொன்னான்” என்றாலே வருவது அவன்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வேறு ஆள் வருகிறார் என்றால்தான் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஓர் எழுத்துச் சிக்கல் இருக்கிறது. அழுத்தத்துக்கு வரும் ‘தான்’ வேறு, இந்தத் ‘தான்’ வேறு. “ரவிதான் வருவதாகச் சொன்னான்” என்று சேர்த்து எழுதினால், வருவதாகச் சொன்னவன் ரவி, வேறு யாரும் இல்லை என்று பொருள். “ரவி தான் வருவதாகச் சொன்னான்” என்று பிரித்தால், தான் வரப்போவதை ரவி சொன்னான் என்று பொருள். ஓர் இடைவெளியில் பொருள் மாறுகிறது. பலர் அழுத்தத் ‘தானை’யும் பிரித்தே எழுதுவதால் படிப்பவருக்கு அந்த இடைவெளி மேல் நம்பிக்கை இல்லை. எனவே நான் ‘தானை’ச் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வைப்பதையே தவிர்ப்பேன்: “தான் வருவதாக ரவி சொன்னான்.” ஒரு சொல்லை இடம் மாற்றினால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

“குமார் தன் பணத்தைச் செலவழித்துவிட்டதாக ரவி சொன்னான்.” பணம் யாருடையது?

சொல்ல முடியாது. ‘தன்’ தன் வாக்கியத்தின் எழுவாயையும் பிடிக்கலாம், அப்போது குமாரின் பணம். வெளியே இருக்கும், சொன்னவரையும் பிடிக்கலாம், அப்போது ரவியின் பணம். இரண்டு எழுவாய்கள் இருக்கும் இடத்தில் ‘தன்’ இரண்டு பக்கமும் கை நீட்டும்.

சில நேரம் பொருளே தீர்த்து வைக்கும். “குமார் தன்னை ஏமாற்றிவிட்டதாக ரவி சொன்னான்” என்றால் குமார் தன்னையே ஏமாற்றிக்கொள்வது அரிது என்பதால் ஏமாந்தவன் ரவி என்று புரிகிறது. பணம், வீடு, பிள்ளை போன்றவை வரும்போது பொருள் உதவாது. அப்போது வெட்கப்படாமல் பெயரை இரண்டாவது முறை எழுத வேண்டும்: “குமார் ரவியின் பணத்தைச் செலவழித்துவிட்டான் என்று ரவியே சொன்னான்.” கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் தெளிவாக இருக்கும். இன்னும் நல்லது நேர்க்கூற்று: ரவி, “குமார் என் பணத்தைச் செலவழித்துவிட்டான்” என்று சொன்னான். புகார், வழக்கு, கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் நான் நேர்க்கூற்றாகவே எழுதுவேன்.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் அயற்கூற்றில் என்ன ஆகும்?

பாடப்புத்தகப் பட்டியலில் இரண்டும் தாம், தாங்கள் என்று ஆகும் என்று போட்டிருக்கும். அது பாதி விடைதான். ‘நாம்’ என்பதில் கேட்பவரும் அடக்கம், ‘நாங்கள்’ என்பதில் அவர் அடக்கமில்லை. எடுத்துச் சொல்லும்போது கேட்பவரே மாறிவிடுகிறார். அதனால் யார் உள்ளே, யார் வெளியே என்று புதிதாக எண்ண வேண்டும்.

கமலா என்னிடம் “நாம் நாளைக்குக் கிளம்பலாம்” என்றாள். இதை என் அண்ணனிடம் சொல்லும்போது “நாங்கள் நாளைக்குக் கிளம்பலாம் என்று கமலா சொன்னாள்” என்பேன். அந்த ‘நாமி’ல் நான் இருந்தேன், அண்ணன் இல்லை. அண்ணனும் வருவதாக இருந்தால் அவனிடமும் ‘நாம்’ என்றே சொல்வேன். நாங்கள் பேசியதை ஓரமாக நின்று கேட்ட மூன்றாம் மனிதர் சொன்னால் ‘தாங்கள் கிளம்பலாம் என்று’. அதாவது ஒரே ‘நாம்’ மூன்று வடிவம் எடுக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

‘தாங்கள்’ பற்றி ஒரு எச்சரிக்கை. கடித நடையில் அது ‘நீங்கள்’ என்பதற்கு மரியாதைச் சொல்லும் ஆகும். “தாங்கள் வரலாம் என்று கூறினர்” என்று ஒரு கடிதத்தில் எழுதினால், கடிதம் பெறுபவர் தன்னை வரச் சொன்னதாகப் புரிந்துகொள்வார். அந்த இடத்தில் ‘அவர்கள்’ என்றோ பெயர்களையோ எழுதுவது பாதுகாப்பானது.

‘நாளை’ என்பதை எப்போதும் ‘மறுநாள்’ என்று மாற்ற வேண்டுமா? ‘இங்கே’ எப்போதும் ‘அங்கே’தானா?

இல்லை. நாளோ இடமோ நகர்ந்திருந்தால் மட்டும்தான். பட்டியல் மிகப் பழக்கமானது: இன்று அன்று ஆகும், நாளை மறுநாள் ஆகும், நேற்று முந்தின நாள் ஆகும், இது அது ஆகும். சொன்னவரிடமிருந்து நேரத்திலும் இடத்திலும் விலகி நிற்பவருக்கான பட்டியல் அது. நீங்கள் விலகி நிற்கவில்லை என்றால் அது உங்களுக்குப் பொருந்தாது.

ஒரே பேச்சை இரண்டு இடத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை கமலா மாலதிக்குப் போன் செய்கிறாள்:

“நான் நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். இங்கே ஒரே மழை. என் பையை உன் அண்ணனிடம் கொடுத்து வை. நாம் இரண்டு பேரும் நாளை மறுநாள் கிளம்பலாம்.”

அன்று மாலையே மாலதி தன் அண்ணனிடம் சொல்கிறாள்: “அண்ணா, கமலா நாளைக்கு நம்ம வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். அங்கே ஒரே மழையாம். அவள் பையை உங்களிடம் கொடுத்து வைக்கச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் நாளை மறுநாள் கிளம்பலாம் என்றாள்.” இன்னும் திங்கட்கிழமைதான், அதனால் ‘நாளை’ அப்படியே இருக்கிறது. இடம் வேறு, அதனால் ‘இங்கே’ ‘அங்கே’ ஆகிவிட்டது. ‘உன் வீடு’ ‘நம்ம வீடு’ ஆனது, ஏனென்றால் அது அண்ணனுக்கும் வீடு. ‘உன் அண்ணன்’ இப்போது கேட்பவராகவே நிற்பதால் ‘உங்களிடம்’ ஆகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் தன் நண்பருக்கு எழுதுகிறான்: “திங்கட்கிழமை கமலா மாலதிக்குப் போன் செய்து, தான் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வருவதாகவும், அங்கே ஒரே மழையாக இருப்பதாகவும், தன் பையை என்னிடம் கொடுத்து வைக்கும்படியும், தாங்கள் இருவரும் புதன்கிழமை கிளம்பலாம் என்றும் சொன்னாள்.” இப்போது நாள் நகர்ந்துவிட்டது, ‘மறுநாள்’ தேவை. ‘நாளை மறுநாள்’ என்பதை மாற்ற அழகான சொல் இல்லை, அதனால் கிழமையையே போட்டுவிட்டான். சரியான முடிவு. நண்பருக்கு அந்த வீட்டில் பங்கில்லை, அதனால் ‘எங்கள்’.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. ‘அங்கே ஒரே மழை’ என்றால் எங்கே? முன்னால் வந்த இடம் ‘எங்கள் வீடு’, அதனால் வீட்டில்தான் மழை என்று நண்பர் நினைக்கக்கூடும். ‘தன் ஊரில் ஒரே மழையாக இருப்பதாகவும்’ என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. சுட்டுச்சொல் மாறும்போது அது சுட்டும் இடம் புதிய வாக்கியத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயற்கூற்றில் நான் காணும் பிழைகளில் பாதி இப்படித்தான் வருகிறது: சொல்லைச் சரியாக மாற்றியிருப்பார்கள், ஆனால் அது காட்டும் பொருள் மூல வாக்கியத்திலேயே தங்கியிருக்கும்.

இரண்டு பேரின் வாக்கியங்களிலும் வினையின் காலம் நகரவில்லை என்பதையும் கவனியுங்கள். மழை வெள்ளிக்கிழமைக்குள் நின்றுபோயிருக்கலாம். ‘இருப்பதாகவும்’ அப்படியேதான் இருக்கிறது.

“வருகிறேன்” என்று சொன்னதைப் “போவதாகச் சொன்னாள்” என்று எழுதலாமா?

எழுதலாம், சில சமயம் எழுதியே ஆக வேண்டும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே ‘வா’, ‘தா’ இரண்டும் தன்மை முன்னிலைக்கு உரியவை, ‘செல்’, ‘கொடு’ இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறது. இன்றைய பேச்சு அவ்வளவு கறாராக இல்லை, ஆனால் ‘வா’ என்பது பேசுபவர் பக்கமோ கேட்பவர் பக்கமோ நகர்வதைக் காட்டுகிறது என்பது மாறவில்லை.

கமலாவின் “உன் வீட்டுக்கு வருகிறேன்” என்பதை அந்த வீட்டில் இருப்பவர்கள் ‘வருவதாக’ என்றே சொல்வார்கள். கமலாவின் அலுவலகத் தோழி சொன்னால் “கமலா மாலதி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்”. இங்கே ‘வருவதாக’ என்று எழுதினால் அந்தத் தோழி மாலதி வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும்.

கட்டளையையும் கேள்வியையும் எப்படி மாற்றுவது?

கட்டளைக்கு ‘-ச் சொன்னார்’, ‘-ம்படி’, ‘-மாறு’ என்று மூன்று வழிகள்: வரச் சொன்னார், வரும்படி சொன்னார், வருமாறு கேட்டுக்கொண்டார். விலக்கு என்றால் “வர வேண்டாம் என்றார்”.

கேள்வியில் வினா எழுத்து அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறும். ஆசிரியர் என்னிடம் “படித்தாயா?” என்று கேட்டதை நான் “படித்தேனா என்று கேட்டார்” என்பேன். ‘படித்தாயா என்று கேட்டார்’ என்பதும் வழக்கில் சரிதான், அது மேற்கோள்குறி இல்லாத நேர்க்கூற்று. ஆனால் நான் இதை என் தம்பியிடம் சொல்கிறேன் என்றால் கவனம் தேவை. தன்னைப் பற்றித்தான் கேட்டார் என்று அவன் நினைத்துவிடலாம். அயற்கூற்றின் முடிவில் கேள்விக்குறி வராது, ஏனென்றால் நான் இப்போது எதையும் கேட்கவில்லை.

மேலதிகாரி என் அப்பாவைப் பற்றி “அவனை வரச் சொல்” என்றார். இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

அயற்கூற்றில் மரியாதை எடுத்துச் சொல்பவருடையது. “அப்பா, உங்களை வரச் சொன்னார்” என்று சொன்னால் நீங்கள் எதையும் மறைக்கவில்லை. செய்தி முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியவர்களிடம் ‘வரச் சொன்னார்’ என்பதே ஏவுவது போல இருந்தால் “உங்களால் வர முடியுமா என்று கேட்டார்” என்று இன்னும் இறக்கலாம்.

அவர் எந்தச் சொல்லில் பேசினார் என்பதே விஷயமாக இருக்கும்போது, உதாரணமாக அவமதிப்பு பற்றிய புகாரில், இந்த மென்மை உண்மையை அழித்துவிடும். அப்போது மேற்கோள்குறிக்குள் ‘அவனை’ என்பதை அப்படியே வைக்க வேண்டும்.

பேச்சில் “தான் வருவேன்னு சொன்னான்” என்கிறோமே, ‘தான்’ என்றால் ‘வருவான்’ என்றுதானே முடிய வேண்டும்?

தவறில்லை. ‘தான்’ படர்க்கை, ‘வருவேன்’ தன்மை, இரண்டும் ஒட்டாதது போலத் தெரியும். ஆனால் இது தமிழ்ப் பேச்சில் வேரூன்றிய அமைப்பு. ‘தான்’ எடுத்துச் சொல்பவரின் பார்வையிலிருந்து வருகிறது, வினை மட்டும் சொன்னவரின் வாயிலிருந்து அப்படியே வருகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு. ‘தான் வருவேன்’ என்று கேட்டவுடன் வருபவர் சொன்னவரே, வேறு யாரும் இல்லை என்பது உறுதி. முறையான எழுத்தில் ‘தான் வருவதாக’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.

‘வருவானாம்’, ‘போனாளாம்’ என்பதும் அயற்கூற்றா?

ஆமாம், தமிழின் மிகச் சின்ன அயற்கூற்று. ‘ஆம்’ என்ற ஒற்றை அசை ‘யாரோ சொன்னார்கள்’ என்பதை முழுக்கச் சுமக்கிறது. சொன்னவர் பெயர் தேவையில்லை, காலமும் மாறாது: வந்தானாம், வருகிறானாம், வருவானாம்.

இதில் எனக்குப் பிடித்தது, ஆள் குழப்பம் அறவே இல்லாததுதான். ‘என்று’வுக்கு முன்னால் வரும் ‘நான்’ இரண்டு பேராக இருக்கலாம் என்று பார்த்தோம். ‘ஆம்’ உடன் வரும் ‘நான்’ எப்போதும் இப்போது பேசுபவர்தான். “நான் தப்பு செய்தேனாம்” என்றால், என்மேல் பழி சொல்கிறார்கள், நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வரை கேட்டுவிடும். “நாளைக்கு நான் வரணுமாம்” என்றால் வர வேண்டியது நான், சொன்னது வேறு யாரோ. ஏதாவது ஒரு வாக்கியத்தில் ‘நான்’ யார் என்று சந்தேகம் வந்தால், அதை ‘ஆம்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். “தலைவர் மீதித் தொகையை நான் கட்டிவிடுகிறேன் என்று சொன்னார்” என்று அன்று எழுதிய கையோடு “மீதியை நான் கட்டிவிடுகிறேனாம்” என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், கட்ட வேண்டியவன் நானாக மாறிப்போனது அப்போதே காதில் விழுந்திருக்கும்.